புதுக் கம்ப்ரசர் ஏன் மறுபடியும் ஜாம் ஆகிறது?

கார் ஏசி வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கோடைக்காலத்தில் வரும் வண்டிகளில் ஒரு வகை உண்டு. போன வருடம்தான் கம்ப்ரசர் மாற்றியிருப்பார்கள். பில்லும் பத்திரமாக இருக்கும். இந்த வருடம் அதே கம்ப்ரசர் மறுபடியும் ஜாம் ஆகி, பெல்ட் கருகிய வாசனையோடு வண்டி வந்து நிற்கும். ‘டூப்ளிகேட் சரக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வண்டிக்காரர் கொதிப்பார். சில நேரம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல நேரங்களில் கம்ப்ரசர் நல்ல சரக்குதான். அதை மாட்டியபோது செய்திருக்க வேண்டிய இரண்டு வேலைகள் நடந்திருக்காது. ஒன்று, ரிசீவர் டிரையரை மாற்றுவது. மற்றொன்று, ஆயிலை அளந்து ஊற்றுவது.

கம்ப்ரசரின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டுமே சின்னச் செலவு. டிரையர் என்பது உள்ளங்கையில் பிடிக்கக்கூடிய ஓர் அலுமினியக் குழாய். ஆயில், ஒரு டீ கிளாஸ் அளவுதான். ஆனால் பெரிய செலவில் வாங்கிய கம்ப்ரசர் பத்து வருடம் ஓடுமா, பத்து மாதத்தில் நிற்குமா என்பதை இவை இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. ஏன் என்று தெரிந்துகொண்டால், ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆயில் ஓரிடத்தில் நிற்பதில்லை

என்ஜினில் ஆயில் அளவைப் பார்க்க டிப்ஸ்டிக் இருக்கிறது. இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் போதும். கார் ஏசிக்கு அப்படி ஒரு வசதி பெரும்பாலும் கிடையாது. காரணம், ஏசி ஆயில் கம்ப்ரசருக்குள் மட்டும் தங்கியிருப்பதில்லை. கேஸோடு சேர்ந்து ஊர்சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக வெளியே தள்ளும்போது, ஆயிலும் நுண்துளிகளாக அதோடு கிளம்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் கேஸ் குளிர்ந்து திரவமாகிறது. ஆயில் அந்தத் திரவத்தோடு கலந்து நகர்கிறது. அங்கிருந்து டிரையர், பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வ், பிறகு டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். அங்கே கேஸ் மறுபடி ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. ஆயிலும் அதன் பின்னாலேயே வந்து சேர்கிறது. அப்படித் திரும்பி வரும் ஆயில்தான் கம்ப்ரசரின் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பைக் கொடுக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ளலாம். முதலாவது, எந்த நேரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தாலும் மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான் கம்ப்ரசரில் இருக்கும். மீதி கண்டென்சரிலும் கூலிங் காயிலிலும் டிரையரிலும் குழாய்களிலும் பிரிந்து கிடக்கும். இரண்டாவது, ஆயிலைச் சுமந்து வருவது கேஸ்தான். கேஸ் குறைந்துவிட்டால் ஆயிலைத் திரும்பக் கொண்டுவர ஆள் இல்லை. கூலிங் குறைந்த பிறகும், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாதக்கணக்கில் ஏசியைப் போட்டு ஓட்டினால், ஆயில் கூலிங் காயிலின் அடியில் தேங்கிவிடும். கம்ப்ரசர் வறண்டு ஓடும். கடைசியில் ஜாம் ஆகும். கம்ப்ரசர் சாவுக்கு அடிக்கடி காணப்படும் காரணங்களில் ஒன்று இந்த மெதுவான கேஸ் கசிவு. அந்தக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் புதுக் கம்ப்ரசரை மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஜாம் ஆன கம்ப்ரசர் விட்டுச்செல்வது

ஆயில் இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசினால் பொடி உதிரும். அலுமினியமும் எஃகும் கலந்த அந்தப் பொடி, சூட்டில் கருகிய ஆயிலோடு சேர்ந்து கருஞ்சாம்பல் நிறச் சேறாக மாறும். கம்ப்ரசர் முழுதாக நிற்பதற்கு முன், கடைசி நாட்களில் அது சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் சேற்றைக் கேஸோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

அது முதலில் போய்ச் சேரும் இடம் கண்டென்சர். இன்றைய கார்களில் இருக்கும் கண்டென்சர், ஊசி நுழையும் அளவுள்ள பல நுண்வழிகள் பக்கம் பக்கமாக அமைந்த தட்டைக் குழாய்களால் ஆனது. அதில் சில வழிகள் அடைத்துக்கொண்டால், கழுவுவதற்காக உள்ளே விடும் திரவம் மறியல் நடக்கும் தெருவை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெரு வழியாகப் போகும் பஸ் மாதிரி, திறந்திருக்கும் வழிகளில் மட்டும் ஓடி வெளியே வந்துவிடும். வெளியே வரும் திரவம் தெளிவாக இருப்பதைப் பார்த்து ‘சுத்தமாகிவிட்டது’ என்று நினைப்போம். அடைப்பு அங்கேயே இருக்கும். அதனால்தான் உலோகப் பொடி பரவிய வண்டிகளில் இந்த வகைக் கண்டென்சரைக் கழுவ முயலாமல் மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

கண்டென்சரைத் தாண்டிய பொடியைப் பிடித்து நிறுத்துவது டிரையர். அதற்கும் தப்பியது எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையில் சிக்கும். அந்த வால்வையும் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கழுவக்கூடியவை குழாய்களும் கூலிங் காயிலும் மட்டுமே. அதையும் இதற்கென்று இருக்கும் ஃப்ளஷ் திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜனை விட்டு ஊதிக் காய வைக்க வேண்டும். பெட்ரோலையும் தின்னரையும் விட்டுக் கழுவுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தீ விபத்துக்கு வழி; உள்ளே தங்கும் எச்சம் புது ஆயிலைக் கெடுக்கவும் செய்யும்.

டிரையருக்குள் என்ன இருக்கிறது?

டிரையர் மூன்று வேலைகளைச் செய்கிறது. கண்டென்சரிலிருந்து வரும் திரவக் கேஸைச் சற்று சேமித்து வைக்கிறது. தூசியையும் பொடியையும் வடிகட்டுகிறது. கேஸோடு சுற்றும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், நடுவில் ஒரு நீண்ட குழாய் மேலிருந்து அடிவரை இறங்கியிருக்கும். திரவம் அடியில் தங்கும், ஆவி மேலே நிற்கும். அடியிலிருந்து திரவத்தை மட்டும் எடுத்து வால்வுக்கு அனுப்பத்தான் அந்தக் குழாய். அதனால் டிரையரை நிமிர்த்தித்தான் மாட்ட வேண்டும். ‘உள்ளே’ என்று குறித்திருக்கும் வாய் கண்டென்சர் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டால் வால்வுக்குத் திரவத்துக்குப் பதிலாக ஆவி போகும், கூலிங் கிடைக்காது.

குழாயைச் சுற்றிச் சிறு கடுகளவு மணிகள் நிறைந்திருக்கும். இவை ஜியோலைட் வகையைச் சேர்ந்த மூலக்கூறு சல்லடை மணிகள். தண்ணீர் மூலக்கூறுகளைத் தங்கள் நுண்துளைகளுக்குள் இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்பவை. தங்கள் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீரைப் பிடிக்கும். அப்படியென்றால், 30 கிராம் மணிகள் உள்ள டிரையர் பிடிக்கக்கூடியது சுமார் 6 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்று அதிகமான தண்ணீர். அதற்கு மேல் அதில் இடமில்லை.

அந்த ஒரு டீஸ்பூன் ஈரம் ஏன் பெரிய விஷயம்? எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் கேஸ் சட்டென்று குளிரும்போது, ஈரம் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். ஏசி நன்றாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று வெறும் காற்று வரும். சற்று நேரம் அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி குளிரும். இப்படி ஒரு வண்டி கண்ணாமூச்சி காட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். ஈரமும் சூடும் கேஸும் ஆயிலும் சேர்ந்து மெதுவாக அமிலத்தை உண்டாக்கும். அது அலுமினியத்தை அரிக்கும், பேரிங்கைத் தின்னும்.

சரி, வேக்கம் பம்ப் போட்டு ஈரத்தை இழுத்துவிட்டால் பழைய டிரையரையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். குழாய்ச் சுவரில் படிந்த ஈரத்தை வேக்கம் இழுத்துவிடும். அழுத்தத்தை மிகவும் குறைத்தால் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதுதான் அதன் தத்துவம். ஆனால் மணிகள் பிடித்துவைத்த ஈரத்தை அப்படி விடுவிக்க முடியாது. அவற்றை மறுபடி உலர்த்த 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் அதற்கு வழியில்லை. கம்ப்ரசரைக் கழற்றிய நாளிலிருந்து குழாய் வாய்கள் திறந்து கிடந்தால், பழைய டிரையர் அந்த நேரம் முழுவதும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும். பல கம்ப்ரசர் தயாரிப்பாளர்கள், டிரையரையும் மாற்றியதற்கு ஆதாரம் இல்லையென்றால் வாரண்டி தருவதில்லை. காரணம் இதுதான்.

புது டிரையருக்கும் இதே ஆபத்து உண்டு. இரண்டு வாயிலும் பிளாஸ்டிக் மூடியோடுதான் அது வரும். காலையிலேயே மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மாலையில் மாட்டினால் பாதி உயிரோடுதான் உள்ளே போகும். மற்ற எல்லா இணைப்புகளையும் முடித்த பிறகு, கடைசியாக மூடியைத் திறந்து, உடனே டிரையரை மாட்டி, வேக்கம் பம்பை ஓட்ட வேண்டும்.

சற்றுப் புதிய கார்களில் டிரையர் தனியாகத் தெரியாது. கண்டென்சரின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு குழாய் ஒட்டியிருக்கும். அதன் மூடியைத் திறந்தால் மணிகள் உள்ள பை வெளியே வரும். இந்த வண்டிகளில் கண்டென்சரை மாற்றினால் பெரும்பாலும் புது டிரையரும் அதோடு வந்துவிடும். வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய டிரையரைத் தூக்கி எறியும் முன் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் என்ன என்பதை அது சொல்லிவிடும். உள்ளிருக்கும் வடிகட்டியில் வெள்ளி போலப் பொடி மின்னினால், உலோகம் கண்டென்சரைத் தாண்டி வந்துவிட்டது என்று பொருள். முழுச் சுத்தம் தேவை. வடிகட்டி சுத்தமாக, ஆயில் தெளிவாக இருந்தால் வேலை சுலபம்.

அளப்பது எப்படி?

இனி ஆயில். புதுக் கம்ப்ரசர் பெரும்பாலும் ஆயிலோடுதான் வரும். பல நேரங்களில் அதில் இருப்பது கம்ப்ரசருக்கு மட்டுமான ஆயில் அல்ல. வண்டியின் மொத்த ஏசிக்கும் தேவையான ஆயில். சிலவற்றில் துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மட்டும் விட்டிருப்பார்கள். சிலது காலியாகவே வரும். பெட்டியிலிருக்கும் தாளைப் படித்தாலும், வடித்துப் பார்த்து அளப்பதுதான் உறுதி.

பழைய கம்ப்ரசரைக் கழற்றுமுன் கேஸை மெஷின் வைத்து மெதுவாக உறிஞ்சி எடுக்க வேண்டும். வால்வைத் திறந்து ‘புஸ்’ என்று விட்டால், கேஸோடு ஆயிலும் பீறிட்டு வெளியேறிவிடும். எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது, கணக்கு அங்கேயே உடைந்துவிடும். அதோடு, ஆர்-134ஏ கேஸ் வளிமண்டலத்தை வெப்பமாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. காற்றில் விடவே கூடாது. மெஷின் உறிஞ்சும்போது கூடவே வரும் ஆயில் அதன் பாட்டிலில் தனியாகச் சேரும். அந்த அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கம்ப்ரசரைக் கவிழ்த்து, இரண்டு வாய்கள் வழியாகவும், வடிகால் போல்ட் இருந்தால் அதன் வழியாகவும், ஆயிலை அளவுக்கோடு போட்ட கிளாஸில் வடிக்க வேண்டும். ஷாஃப்ட் சுற்றுமானால் கையால் சுற்றிக்கொண்டே வடிப்பது நல்லது. ஆயிலில் கரைந்திருக்கும் கேஸ் நுரையாகப் பொங்கும். நுரை அடங்கிய பிறகுதான் அளவைப் படிக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்ச் இருந்தால் மில்லிலிட்டர் கணக்கில் துல்லியமாக அளக்கலாம். பி.ஏ.ஜி. ஆயிலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீருடையதுதான் என்பதால், டிஜிட்டல் தராசில் நிறுத்தால் ஒரு கிராமை ஒரு மி.லி. என்று கொள்ளலாம்.

எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் ஆயில் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். புதுக் கம்ப்ரசரையும் அதே முறையில், அதே நேரம் கவிழ்த்து வைத்து வடித்தால் இரண்டிலும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய சமமாகிவிடும். கணக்கில் பிழை வராது.

ஒரு வண்டி, மூன்று கணக்கு

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஏசிக்கு மொத்த ஆயில் 120 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். புதுக் கம்ப்ரசரும் 120 மி.லி. ஆயிலோடு வந்திருக்கிறது. இந்த எண் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கணக்கு போடும் முறை மாறாது.

முதல் நிலை. கம்ப்ரசரில் சத்தம் வந்தது, ஆனால் கசிவு இல்லை. வடித்த ஆயில் தெளிவாக இருக்கிறது. அளவு 70 மி.லி. அப்படியானால் மீதி 50 மி.லி. கண்டென்சரிலும் காயிலிலும் குழாய்களிலும் இன்னும் இருக்கிறது. அதனால் புதுக் கம்ப்ரசரிலிருந்து 50 மி.லி. எடுத்துவிட்டு 70 மி.லி. மட்டும் விட வேண்டும். பழைய டிரையரோடு கொஞ்சம் ஆயில் வெளியே போகிறதல்லவா? அதற்கு ஈடாக, கையேடு சொல்லும் அளவை, உதாரணத்துக்கு 10 மி.லி., சேர்க்க வேண்டும். ஆக 80 மி.லி. வடிக்காமல் அப்படியே மாட்டியிருந்தால் மொத்தம் 160 மி.லி. ஆகியிருக்கும். தேவைக்கு 40 மி.லி. அதிகம்.

இரண்டாவது நிலை. வடித்த ஆயில் வெறும் 15 மி.லி. கம்ப்ரசரின் முன்பக்கம், கிளட்ச்சைச் சுற்றி, எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக் கிடக்கிறது. முதல் நிலையின் சூத்திரத்தை இங்கே போட்டால், ‘மீதி 105 மி.லி. உள்ளே இருக்கிறது, புதியதில் 15 மி.லி. விட்டால் போதும்’ என்று வரும். இது கொல்லும் கணக்கு. ஷாஃப்ட் சீல் வழியாக எவ்வளவு ஆயில் வெளியே போனது, எவ்வளவு உள்ளே கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய கம்ப்ரசரில் வடித்த அளவு, ஆயில் வெளியே போகாத வண்டிக்கு மட்டுமே பொருந்தும். இந்த வண்டியில் குழாய்களையும் காயிலையும் கழுவி, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதுதான் ஒரே வழி.

மூன்றாவது நிலை. கம்ப்ரசர் ஜாம். வடித்தது 35 மி.லி.; கறுப்பாக, உள்ளே வெள்ளி மினுமினுப்போடு இருக்கிறது. டிரையரை அறுத்தால் பொடி. கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றும் புதிது. குழாய்களும் காயிலும் கழுவிக் காயவைத்தாகிவிட்டது. இப்போது ஏசி முழுவதும் ஒரு சொட்டு ஆயில் இல்லை. எனவே 120 மி.லி. முழுதும் வேண்டும். புதுக் கம்ப்ரசரில் 120 இருப்பதை அளந்து உறுதிசெய்து, எதையும் குறைக்காமல் மாட்ட வேண்டும்.

இந்த மூன்றாவது நிலையில்தான் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ‘பழையதில் 35 இருந்தது, புதியதிலும் 35 விடுவோம்’ என்று கழுவிய வண்டிக்கு முதல் சூத்திரத்தைப் போட்டால், அந்த 35 மி.லி. வறண்ட கண்டென்சரையும் காயிலையும் நனைக்கவே சரியாகிவிடும், கம்ப்ரசர் வறளும். மாறாக, எதையும் கழுவாமல் 120 மி.லி. கம்ப்ரசரை அப்படியே மாட்டினால், உள்ளே தங்கியிருந்த 85 மி.லி.யும் சேர்ந்து 205 ஆகும். அந்த 85 மி.லி.யும் உலோகப் பொடி கலந்த கெட்ட ஆயில். ‘கழுவியாயிற்றா?’ என்ற ஒரு கேள்விக்கு என்ன பதில் என்பதைப் பொறுத்தே கணக்கு மாறுகிறது. அதைக் கேட்காமல் ஊற்றும் எந்த அளவும் குருட்டு அளவுதான்.

கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

ஆயில் குறைந்தால் என்ன ஆகும் என்பது சுலபமாகப் புரிகிறது. கூடினாலும் கெடுதல்தான். அதிக ஆயில் கூலிங் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து, வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கும். கேஸ் அளவு சரியாக இருந்தும், உச்சி வெயிலில் கூலிங் போதாது. கேஜில் ஹை பிரஷர் ஏறும். இதைப் பார்த்து ‘கேஸ் குறைவு’ என்று தவறாகக் கணித்து இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றினால், நிலைமை மேலும் மோசமாகும். ஆயிலும் கலந்து வரும் சிறு கேஸ் டின்களை வருடாவருடம் ஏற்றும் வண்டிகளில் இப்படி ஆயில் சேர்ந்துகொண்டே போவது உண்டு. சேர்ந்துவிட்ட ஆயிலைக் குறைக்க, எல்லாவற்றையும் திறந்து வடித்துக் கழுவுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அளவைப் போலவே வகையும் முக்கியம். ஆர்-134ஏ கேஸ் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு பி.ஏ.ஜி. ஆயில். அதிலும் 46, 100, 150 என்று பாகுத்தன்மை வேறுபடும். 46 மெலிது, 150 கெட்டி. எது வேண்டும் என்பது கம்ப்ரசரின் மேலோ பானட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். பழைய ஆர்-12 காலத்து மினரல் ஆயில் இந்தக் கேஸோடு சேர்ந்து பயணிக்காது. போன இடத்திலேயே தங்கிவிடும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களின் மின் கம்ப்ரசரில் மோட்டாரின் காப்பர் சுற்றுகள் கேஸும் ஆயிலும் ஓடும் இடத்திலேயே இருக்கும். அதற்கு மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. ஆயில்தான் பொதுவாகப் போடுவார்கள். அதில் சிறிதளவு பி.ஏ.ஜி. கலந்தாலும் மின்கசிவு ஏற்பட்டு, வண்டியே பழுது காட்டி நிற்கக்கூடும். அவற்றில் அதிக அழுத்த மின்சாரம் ஓடுவதால், பயிற்சி பெற்றவர் மட்டுமே கைவைக்க வேண்டும்.

பி.ஏ.ஜி. ஆயிலும் டிரையர் மணிகளைப் போலவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பல மாதங்களாகத் திறந்து கிடக்கும் டின்னிலிருந்து ஊற்றினால், புது டிரையர் முதல் நாளிலேயே நிரம்பத் தொடங்கும். சிறிய டின்னாக வாங்கி, வேண்டிய நேரத்தில் திறந்து, உடனே மூடுவதுதான் சரி.

மாட்டிய பிறகு

ஒவ்வொரு இணைப்பிலும் பழைய ஓ-ரிங்கை எடுத்துவிட்டுப் புதியதில் ஏசி ஆயில் தொட்டு மாட்ட வேண்டும். கடைசியாக டிரையர். பிறகு வேக்கம் பம்ப் குறைந்தது அரை மணி, திறந்து கிடந்த வண்டிக்கு முக்கால் மணி ஓட வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். முள் தொடர்ந்து ஏறினால் எங்கோ கசிவு. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கலாம். மறுபடி ஓட்ட வேண்டும்.

கேஸை லேபிளில் உள்ள எடைக்குத் தராசு வைத்து ஏற்ற வேண்டும். ஏசியை ஆன் செய்யும் முன், கம்ப்ரசரின் முன்தட்டைக் கையால் பத்துச் சுற்றாவது சுற்ற வேண்டும். மாட்டும்போது ஊற்றிய ஆயில் சிலிண்டருக்குள் தேங்கியிருக்கும். திரவத்தை அழுத்த முடியாது. சட்டென்று கிளட்ச் பிடித்தால் உள்ளே உடையும். கையால் சுற்றும்போது அந்த ஆயில் மெதுவாக வெளியேறிவிடும். பிறகு என்ஜினை ஐடிலில் வைத்துச் சில நிமிடம் ஏசியை ஓட விட வேண்டும். உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்கக்கூடாது.

வண்டி ஓடும்போது டிரையர் தன் நிலையைக் கைக்கே சொல்லும். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். வெளியே போகும் பக்கம் தொட்டால் தெளிவாகக் குளிர்ந்திருந்தாலோ வியர்த்திருந்தாலோ, டிரையருக்குள் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஜாம் ஆன வண்டியை அரைகுறையாகக் கழுவி மாட்டியிருந்தால், சில வாரங்களிலேயே இது தெரியவரும். அப்போதே நிறுத்தி மறுபடி சுத்தம் செய்தால் கம்ப்ரசர் தப்பிக்கும்.

பில்லில் எழுதச் சொல்ல வேண்டியது

வண்டிக்காரருக்கு இத்தனை வேலையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

“அண்ணே, பழைய கம்ப்ரசர்ல எவ்வளவு ஆயில் வடிஞ்சுது? என்ன கலர்ல இருந்துச்சு?”

“முப்பத்தஞ்சு மில்லி சார். கறுப்பா, பொடியோட இருந்துச்சு. அதான் கண்டென்சரையும் மாத்தணும்னு சொன்னேன்.”

“பழைய டிரையரை அறுத்துக் காட்டுறீங்களா? ஏசிய முழுசாக் கழுவுனீங்களா?”

“லைன், காயில் ரெண்டும் ஃப்ளஷ் பண்ணியாச்சு சார். அதனால ஆயில் ஃபுல்லா விட்டிருக்கேன்.”

“முதல்ல எதனால ஜாம் ஆச்சுன்னு பார்த்தீங்களா?”

“ஷாஃப்ட் சீல்ல லீக் சார். கேஸ் கம்மியானதுல வறண்டுபோச்சு. மத்த ஜாயின்ட் எல்லாம் செக் பண்ணியாச்சு.”

இப்படி எண்ணோடு பதில் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடலாம். ‘ஆயில் கம்ப்ரசரோடயே வருது சார், அளக்க வேண்டியதில்ல’ என்றோ, ‘டிரையர் நல்லாத்தான் இருக்கு’ என்றோ பதில் வந்தால், டிரையருக்கு ஆகும் கூடுதல் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, அளந்து ஊற்றித் தரும்படி வற்புறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் பில்லின் கீழே நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வடித்த ஆயில் எவ்வளவு, ஊற்றிய ஆயில் எவ்வளவு, அதன் வகை எது, ஏற்றிய கேஸ் எத்தனை கிராம். அடுத்த முறை ஒரு ஓ-ரிங் கசிந்தாலும், ஒரு குழாயில் கல் பட்டு ஓட்டை விழுந்தாலும், வண்டியைத் திறக்கும் ஆள் யாராக இருந்தாலும், உள்ளே எவ்வளவு ஆயில் இருந்தது என்று ஊகிக்காமல் அந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம்.